சுதனுக்கு ஒரு வரவேற்பு

எல்லோருக்கும் வணக்கம். கையில் நெல்லி கிரஷ் இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நான் கண்ணனின் அக்கா. ஏழு வருடத்துக்கு முன்னால் காலிமுகத்திடலில் வைத்து, "அக்கா, சுதன் எனக்கு சிநேகிதன் மட்டும் இல்லை" என்று அவன் சொன்னான். நான் உடனே அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்று எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி.

சுதன், உம்மை நான் உண்மையில் அறிந்துகொண்டது 2022இல். பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு, கேஸுக்கு நாள் கணக்கில் வரிசை. அப்பாவால் நிற்க முடியாது, கண்ணனுக்கு வேலை. நீர் விடியற்காலை மூன்று மணிக்கு வெள்ளவத்தையில் போய் நின்றீர். மறுநாள் மத்தியானம் பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டரைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறி வந்தீர். லிஃப்டுக்குக் கரண்ட் இல்லை. சேர்ட்டின் தோள்பக்கம் முழுக்கத் துருக்கறை.

அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. உள்ளே போய் அப்பம்மாவின் மூக்குப்பேணியைப் புளி போட்டு விளக்கி, அதில் உமக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தா. யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது சீலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த பேணி அது. எனக்கே அதில் தந்ததில்லை.

அப்பாவுக்கு இன்னும் காலம் எடுத்தது. எட்டு மாதம் கண்ணனோடு கதைக்கவில்லை. அந்த எட்டு மாதமும் நீர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவின் மருந்தை வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போனீர். ஒருநாள் அப்பாவே கதவைத் திறந்து, "உள்ளே வாரும்" என்றார். அப்பா, இன்று முன்வரிசையில் நீங்கள் இருப்பதைப் பார்க்கையில் எனக்குப் பேச்சு வரவில்லை.

இங்கே பதிவாளர் இல்லை, கையெழுத்துப் புத்தகம் இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை மாற்றுவது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. மிச்சமும் நடக்கட்டும். அதுவரைக்கும் இருவரும் காத்திருக்க வேண்டுமா என்ன? நாங்கள் இத்தனை பேர் சாட்சிக்கு வந்திருக்கிறோம்.

முறை சொல்லி எப்படிக் கூப்பிடுவது என்று பெரியவர்கள் போன கிழமை முழுக்க யோசித்தார்கள். என் மகள் மூன்று வயதிலேயே அதை முடித்துவிட்டாள். அவளுக்கு ஒருவர் கண்ணன் மாமா, மற்றவர் சுதன் மாமா. சுதன், நீரும் இனி "அன்ரி" என்று கூப்பிட வேண்டாம். அம்மா என்றே கூப்பிடட்டாம், சொல்லச் சொன்னா.

மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறி வந்திருக்கும் சுதனின் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தம்பியை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம். எங்கள் தம்பிக்கும் நீங்கள் இனி அக்காதான்.

சரி, எல்லோரும் எழும்புங்கள். கண்ணனுக்கும் சுதனுக்கும்!

வாரும் சுதன், இது உம்முடைய வீடு.