ஊட்டச்சத்து ஷிஃப்ட் ஒப்படைப்புக் குறிப்பு: காலை ஷிஃப்ட் முடிவு, மதியம் 2 மணி

வார்டில் 18 பேர். கவனம் வேண்டியவர்கள் மூவர். மற்றவர்களுக்குத் திட்டத்தில் மாற்றமில்லை. முதலில் படுக்கை 7-ஐப் பாருங்கள்.

படுக்கை 7: ஆண், 58, வாய்ப்புற்று
ஆபத்து: மிக அதிகம். எடை 42 கிலோ, பிஎம்ஐ 15.4. மூன்று மாதத்தில் 51 கிலோவிலிருந்து இறங்கியது. என்ஆர்எஸ் 2002 மதிப்பெண் 4. பத்து நாளாகத் தண்ணீர் தவிர ஏதும் இறங்கவில்லை என்பதால் ரீஃபீடிங் அபாயம்.
ஊட்டம்: மூக்குக் குழாய் வழி, நேற்று மாலை 6 முதல் மணிக்கு 18 மி.லி. (ஒரு மி.லி.க்கு 1 கிலோகலோரி, கிலோவுக்குச் சுமார் 10). தயாமின் ஃபீடுக்கு முன்பே கொடுத்தாயிற்று, தினமும் தொடர்கிறது.
ரத்தம், காலை 6 மணி: பாஸ்பேட் 1.9 மி.கி./டெ.லி., பொட்டாசியம் 3.4 மில்லிமோல்/லிட்டர். பாஸ்பேட் நரம்பு வழி 11 மணிக்குத் தொடங்கியது.
நிலுவை: மாலை 5 மணி ரிப்போர்ட்டில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் பார்க்கவும். பாஸ்பேட் ஏறாவிட்டால் வேகத்தைக் கூட்டவே வேண்டாம், டாக்டரிடம் பேசவும். வீட்டார் "இவ்வளவு கொஞ்சமா?" என்று கேட்கிறார்கள். திடீரென்று கூட்டினால் இன்சுலின் சுரந்து, பாஸ்பேட் செல்லுக்குள் போய், மூச்சும் இதயமும் தடுமாறும் என்று சொல்லியிருக்கிறேன். மறுபடி கேட்பார்கள்.

படுக்கை 12: பெண், 71, பக்கவாதம்
ஆபத்து: என்ஆர்எஸ் 4. விழுங்கும் பரிசோதனையில் தேறவில்லை. வாய் வழி ஒன்றும் கிடையாது.
ஊட்டம்: இலக்கு மணிக்கு 75 மி.லி., 20 மணி நேரம், மொத்தம் 1500. மீதி 4 மணி நேரம் ஃபெனிடாயின் இரண்டு வேளைக்காக நிறுத்தம். நேற்று போனது 1125 மட்டும். ஸ்கேனுக்காக நிறுத்தியதைத் திரும்பி வந்ததும் யாரும் போடவில்லை. 5 மணி நேரம் வீண்.
குழாய்: மூக்கருகே 58 செ.மீ. குறி, உறிஞ்சிய நீரின் பிஎச் 4. குறி நகர்ந்தாலோ பிஎச் 5.5-க்கு மேல் போனாலோ ஃபீட் கூடாது, எக்ஸ்ரே. தலை 30 முதல் 45 டிகிரி உயரத்தில்.
நிலுவை: ஃபீடுக்கு ஏற்ற இன்சுலின் ஓடுகிறது. ஃபீட் நின்றால் அதையும் டாக்டர் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இதை மாலை நர்ஸிடம் நேரில் சொல்லுங்கள், சார்ட்டில் எழுதினால் மட்டும் போதாது. 1 மணிக்குக் கரைத்த பவுடர் ஃபீட் 5 மணிக்குமேல் மிஞ்சினால் கொட்டிவிடவும். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. சார்பிட்டால் உள்ள சிரப் மருந்து இருக்கிறதா என்று பார்மசியில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை ஃபீடைக் குறைக்காதீர்கள்.

படுக்கை 15: ஆண், 44, குடல் அறுவை, 4-ஆம் நாள்
மென்மையான உணவு. மதியம் பாதித் தட்டு, காரணம் வலி, குமட்டல் இல்லை. வலி மருந்தை இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு தர நர்ஸ் ஒப்புக்கொண்டார். பால் ஒவ்வாமை: புரத பானம் பால் கலவாததா என்று லேபிள் பார்த்தே தரவும். இரவுத் தட்டில் எவ்வளவு மீந்தது என்று குறிக்கவும். நாளையும் பாதிதான் என்றால் கூடுதல் பானம் இரு வேளை.

காலை எடை எடுக்க வேண்டியவர்கள்: 7, 15. படுக்கை 12-க்குத் தூக்கித் தராசு வேண்டும், சொல்லி வைக்கவும்.