வாரண்டி கோரிக்கை: எட்டு மாதத்தில் பேட்டரி பாதியாகிவிட்டது (பில் எண் 1187, 14.11.2024)

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 14.11.2024 அன்று உங்கள் நாகர்கோவில் ஷோரூமில் 3 கிலோவாட் அவர் பேட்டரி உள்ள எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். வண்டி எண்ணும் பேட்டரியின் சீரியல் எண்ணும் பில் நகலில் இருக்கின்றன. வாரண்டி மூன்று ஆண்டு அல்லது 30,000 கி.மீ. வண்டி இன்னும் 7,000 கி.மீ.கூடத் தாண்டவில்லை.

புதிதில் ஈக்கோ மோடில் 84 கி.மீ. வரை ஓடியது. நீங்கள் சொன்ன 95 வரவில்லை, அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வேலைக்குப் போய் வர, அங்கே இங்கே சுற்றுவதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 36 கி.மீ. இரண்டு நாளுக்கு ஒரு சார்ஜ் போதுமாக இருந்தது. ஏப்ரலில் 60 ஆகக் குறைந்தது. இப்போது 47. தினமும் சார்ஜ் போட்டும், சாயங்காலம் திங்கள்சந்தை வரை போய்வர யோசிக்க வேண்டியிருக்கிறது.

மே 19 அன்று உங்கள் சர்வீஸில் விட்டேன். சாஃப்ட்வேர் அப்டேட் செய்துவிட்டு, "டயரில் காற்று குறைவு, நீங்க ஓட்டுற விதமும் காரணம் சார்" என்றார் தம்பி. ஜாப் கார்டில் 'பேட்டரி சரி' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பேட்டரியை எதில் மாட்டி, என்ன அளந்து பார்த்தார்கள் என்று அதில் இல்லை.

சரி, நானே பார்க்கலாம் என்று ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, பங்க்கில் காற்று சரிபார்த்து, முழு சார்ஜில் ஈக்கோ மோடில் தனியாக ஓட்டினேன். 6,512-ல் கிளம்பி 6,559-ல் 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் யூனிட் மீட்டர் மாட்டி சார்ஜ் போட்டேன். 100 ஆனபோது மீட்டர் காட்டியது 1.9 யூனிட்.

இதே மீட்டரில் டிசம்பரில் 4 சதவீதத்திலிருந்து 100 வரை 3.3 யூனிட் ஏறியது. கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று வீட்டில் பயந்ததால் அன்று அளந்து போட்டோ எடுத்து வைத்தேன். இப்படி உதவும் என்று நினைக்கவில்லை. காற்றோ என் ஓட்டமோ காரணமென்றால் கி.மீ. குறையும், ஆனால் காலியான பேட்டரி பழைய அளவு கரண்டைத்தான் வாங்க வேண்டும். இது வாங்கவே மாட்டேன் என்கிறது. 3.3-க்கு 1.9 என்றால் 58 சதவீதம். 84-க்கு 47 என்றால் 56. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பழுது பார்த்தோ மாற்றியோ தருவோம் என்று உங்கள் வாரண்டி புத்தகம் 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று. பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது சார்ஜ் 31-லிருந்து சட்டென்று 19-க்கு விழுகிறது; இறங்கி நின்றால் தானாக 25 ஆகிறது. இழுவை கூடும்போது வோல்ட் இறங்கி, ஓய்ந்ததும் ஏறுகிறது என்றால் உள்ளே ஏதோ சில செல்கள் தளர்ந்திருக்க வேண்டும். வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது.

வண்டியோடு தந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டியதில்லை. தண்ணீரில் நின்றதில்லை, விழுந்ததில்லை. ஓடிய தூரத்தை வைத்துப் பார்த்தால் முழு சார்ஜ் 100 தடவையை ஒட்டித்தான் வரும். பல நூறு தடவை தாங்க வேண்டிய லித்தியம் பேட்டரி இது, அதனால் 'இயல்பான தேய்மானம்' என்ற பதிலை ஏற்க முடியாது.

நான் கேட்பது: பேட்டரியை முழுதாக இறக்கி ஏற்றிக் கொள்ளளவை அளந்து, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் உள்ள BMS அறிக்கையை அச்சிட்டுத் தாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால் கட்டணமில்லாமல் மாற்றித் தாருங்கள். பேட்டரியை அங்கே வைத்துக்கொள்ளும் நாள்களுக்கு மாற்று பேட்டரி வேண்டும், எனக்கு வேறு வண்டி இல்லை. கம்பெனிக்கு எழுதுங்கள் என்று கைகாட்ட வேண்டாம், பில் போட்டது நீங்கள். நகல் அவர்களுக்கும் போயிருக்கிறது.

இணைத்திருப்பவை: பில், வாரண்டி புத்தகத்தின் 14-ஆம் பக்கம், மே மாத ஜாப் கார்டு, டிசம்பர், ஜூன் மாத மீட்டர் போட்டோக்கள், ஓடோமீட்டர் போட்டோ இரண்டு, மேம்பால வீடியோ, பேட்டரி மேல் உள்ள சீரியல் எண் போட்டோ. அசல்கள் என்னிடம் உள்ளன, வரும்போது கொண்டு வருகிறேன்.

ஜூலை 18-க்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915-ல் புகார் பதிந்துவிட்டு, நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அதுவரை போகவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை காலை வண்டியோடு வர முடியும், நேரம் மட்டும் சொல்லுங்கள். பில்லில் உள்ள போன் எண்தான்.

இப்படிக்கு,
செல்வின்
தக்கலை, 8.7.2025