ஸ்டாரா, டெல்டாவா: மூன்று ஃபேஸ் மின்சாரம்

டிப்ளமா எலக்ட்ரிக்கல், இரண்டாம் ஆண்டு பாடக்குறிப்பு

அம்பாசமுத்திரம் சாலையில் வயலோரம் நிற்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் பெயர்ப்பலகையை வேலிக்கு வெளியே நின்று படியுங்கள். பெரும்பாலும் 11000/433 V, Dyn11 என்றிருக்கும். D என்றால் உயரழுத்தப் பக்கம் டெல்டா. y என்றால் தாழ்வழுத்தப் பக்கம் ஸ்டார். n என்றால் நியூட்ரலை வெளியே எடுத்திருக்கிறார்கள். 11 என்பது கடிகார எண்: தாழ்வழுத்தம் உயரழுத்தத்தைவிட 30° முந்தி நிற்கிறது. 433 என்பது லோடு இல்லாதபோதுள்ள அளவு. லோடு ஏறினால் குறையும் என்பதால், கணக்கில் 415 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

பாபநாசம் நீர்மின் நிலையமோ, பணகுடி பக்கத்துக் காற்றாலையோ, எங்கே பிறந்தாலும் மின்சாரம் மூன்று ஃபேஸாகத்தான் வருகிறது. R, Y, B மூன்றும் 120° இடைவெளியில், நொடிக்கு 50 சுற்று. R உச்சத்தில் +1 ஆக இருக்கும் கணத்தில் Y, B இரண்டும் −0.5. கூட்டினால் சுழி. வேறு எந்தக் கணத்தை எடுத்தாலும் இதே விடைதான். லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஓடாததற்கு இதுவே காரணம். சிங்கிள் ஃபேஸில் பவர் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். சமமான மூன்று ஃபேஸில் மொத்தப் பவர் மாறாமல் நிற்கும். மூன்று ஃபேஸ் மோட்டார் அதிராமல் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

√3 எங்கிருந்து வந்தது?

பரீட்சைக்கு முந்தைய நாள் எல்லோரும் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சையில் ஸ்டாரையும் டெல்டாவையும் மாற்றி எழுதுகிறார்கள். அதைவிட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: சுருளின் இரண்டு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட்?

ஸ்டாரில் ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு முனை லைனில், மறுமுனை பொதுப் புள்ளியில். R, Y இரண்டு லைனுக்கும் நடுவே அளந்தால் இரண்டு ஃபேஸ் வோல்டேஜின் வித்தியாசம் கிடைக்கும். Y-ஐத் தலைகீழாகத் திருப்பி R-உடன் கூட்டுங்கள். இரண்டுக்கும் இடையே 60° இருக்கும். ஆகவே 2 × Vph × cos 30° = √3 Vph. லைனில் போகும் கரண்ட் சுருள் வழியாகத்தான் போயாக வேண்டும், வேறு வழி கிடையாது.

```
ஸ்டார்:   VL = √3 Vph    IL = Iph
டெல்டா:  VL = Vph       IL = √3 Iph
இரண்டுக்கும்:  P = √3 VL IL cos φ
```

டெல்டாவில் சுருள் நேராக இரண்டு லைனுக்கு நடுவே நிற்பதால் முழு 415 வோல்ட்டும் அதற்குத்தான். ஒவ்வொரு லைனும் இரண்டு சுருளுக்குக் கரண்ட் கொடுப்பதால் √3 இப்போது கரண்ட் பக்கம் போகிறது. சூத்திரத்தில் உள்ள φ, ஃபேஸ் வோல்டேஜுக்கும் ஃபேஸ் கரண்டுக்கும் இடையிலான கோணம். லைன் வோல்டேஜுக்கும் லைன் கரண்டுக்கும் இடையே என்று எழுதினால் மார்க் போகும்.

ஒரே சுருள், இரண்டு இணைப்பு

சுருள் ஒவ்வொன்றும் 8 + j6 ஓம். அதாவது இம்பிடன்ஸ் 10 ஓம், பவர் ஃபேக்டர் 0.8. லைன் 415 வோல்ட்.

```
ஸ்டார்:   Vph = 239.6 V   Iph = IL = 23.96 A
          P = 3 × 23.96² × 8 ≈ 13.8 kW
டெல்டா:  Vph = 415 V     Iph = 41.5 A   IL = 71.9 A
          P = 3 × 41.5² × 8 ≈ 41.3 kW
```

லைன் கரண்டும் மூன்று மடங்கு, பவரும் மூன்று மடங்கு. சுருளின் வோல்டேஜ் √3 மடங்கு ஆனால் பவர் அதன் வர்க்கமாக ஏறுகிறது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரின் வேலையே இந்தக் கணக்குதான்.

ஸ்டார்ட்டரும் வாழைத்தோட்டமும்

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் 10 எச்பி மோட்டார் என்று வையுங்கள். முழு லோடில் லைன் கரண்ட் 14.3 ஆம்பியர். நேரடியாக ஆன் செய்தால் ஆறு மடங்கு, கிட்டத்தட்ட 86 ஆம்பியர் இழுக்கும். ஸ்டாரில் தொடங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 29 ஆம்பியர் போதும். டார்க்கும் மூன்றில் ஒன்றாகிவிடும். மெதுவாகத் தொடங்கும் பம்புக்கு அது போதும், முழு லோடோடு கிளம்ப வேண்டிய அரவை இயந்திரத்துக்குப் போதாது.

டைமர் மாட்டிக்கொண்டு மோட்டார் ஸ்டாரிலேயே நின்றுவிட்டால் தோட்டக்காரர் சொல்வது இதுதான்: "அண்ணாச்சி, தண்ணி வரமாட்டேங்கு, மோட்டாரு மட்டும் கொதிக்கு." டார்க் போதாமல் வேகம் குறைகிறது, ஸ்லிப் ஏறுகிறது, சுருள் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்துச் சூடாகிறது. சுற்றுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். டெல்டா கான்டாக்டர் இழுத்ததா என்று முதலில் பாருங்கள்.

ஓவர்லோடு ரிலே எத்தனை ஆம்பியரில் வைப்பது? பல ஸ்டார்ட்டர்களில் ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே, சுருளோடு தொடராக இருக்கும். அங்கே ஓடுவது ஃபேஸ் கரண்ட். ஆகவே 14.3 × 0.58 = 8.3 ஆம்பியர். பெயர்ப்பலகையில் இருக்கும் 14.3-ஐ அப்படியே வைத்தால் மோட்டார் எரிந்த பிறகும் ரிலே சும்மா இருக்கும். களத்தில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது.

டெர்மினல் பெட்டியைத் திறக்கும் முன் ஃபியூஸ் கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசை W2 U2 V2, கீழ் வரிசை U1 V1 W1. மேல் மூன்றையும் குறுக்காகப் பட்டையால் இணைத்தால் ஸ்டார். மேலும் கீழுமாக மூன்று பட்டை போட்டால் டெல்டா. ஸ்டார்ட்டர் வைக்கும்போது பட்டைகளைக் கழற்றிவிட வேண்டும், ஆறு வயர் போகும். பெயர்ப்பலகையில் 415 V ஸ்டார் என்று போட்ட சின்ன மோட்டாரை டெல்டாவில் கட்டினால் சுருளுக்கு √3 மடங்கு வோல்டேஜ் போய் வெந்துவிடும். லைன் வேலை முடிந்த மறுநாள் பம்ப் தண்ணீர் குறைவாகத் தள்ளினால் ஃபேஸ் வரிசை மாறியிருக்கலாம். உள்ளே வரும் R, Y, B லைன் வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் சரியான திசையில் ஓடும்.

நியூட்ரல் அறுந்தால்

வீடுகளில் லோடு ஒருபோதும் சமமாக இருக்காது. R ஃபேஸ் வீட்டில் 2400 வாட் ஹீட்டர் (24 ஓம்), Y ஃபேஸ் வீட்டில் மொத்தம் 240 வாட் (240 ஓம்), B-யில் லோடு இல்லை. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் இரண்டு வீடும் 415 வோல்ட்டில் தொடராக நிற்கும். கரண்ட் 415 ÷ 264 = 1.57 ஆம்பியர். ஹீட்டருக்கு 38 வோல்ட், அடுத்த வீட்டு டிவிக்கு 377 வோல்ட். குறைவாக கரண்ட் எடுத்தவர் வீட்டில்தான் பொருள் வெடிக்கும். நியூட்ரலில் ஃபியூஸ் போடக் கூடாது என்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்

1. 20 ஓம் ஹீட்டர் சுருள் மூன்று, லைன் 400 வோல்ட், நியூட்ரல் இல்லை. டெல்டாவிலும் ஸ்டாரிலும் பவர் என்ன? ஒரு சுருள் அறுந்தால் எவ்வளவு மிஞ்சும்? (டெல்டா 24 கிலோவாட், அறுந்தபின் 16. ஸ்டார் 8 கிலோவாட், அறுந்தபின் 4.)

2. களக்காட்டில் ஒரு அரிசி ஆலையின் டெல்டா மோட்டார் 415 வோல்ட்டில் 42 ஆம்பியர் எடுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.8. பவர் என்ன? மோட்டார் முனையில் கெப்பாசிட்டர் வைத்து 0.95 ஆக்கினால் லைன் கரண்ட் என்ன, சுருள் கரண்ட் என்ன? (24.15 கிலோவாட், லைனில் 35.4 ஆம்பியர். சுருளில் முன்பும் பின்பும் 24.2 ஆம்பியர்தான், ஏனென்று நீங்களே படம் போட்டுச் சொல்லுங்கள்.)