பேரீச்சம்பழம் சேர்த்த வேர்க்கடலை வெண்ணெய், 340 கிராம்

தோலுடன் வறுத்து, தோல் நீக்கி, சற்று நறநறப்பாக அரைத்தது. கண்ணாடிப் பாட்டிலில் கிடைக்கும். நிகர எடை 340 கிராம். பாட்டிலின் எடை இதில் சேராது.

சேர்மானங்கள் (எடையில் அதிகமானது முதலில்): வறுத்த வேர்க்கடலை 89%, பேரீச்சம்பழப் பொடி 10%, உப்பு 1%. நிறமூட்டி, பதப்படுத்தி, கூடுதல் எண்ணெய் எதுவும் இல்லை. இனிப்பு முழுவதும் பேரீச்சம்பழத்திலிருந்து வருகிறது. அதுவும் சர்க்கரைதான் என்பதால், 'சர்க்கரை இல்லாதது' என்று நாங்கள் எழுதுவதில்லை.

ஒவ்வாமை எச்சரிக்கை
வேர்க்கடலை உள்ளது. எள், முந்திரி, பாதாம் ஆகியவற்றின் துகள்கள் கலந்திருக்கலாம்.

முன்பே வாங்கியவர்களும் இதைப் படியுங்கள்: சென்ற தொகுப்பு வரை எள்ளுக்குத் தனி அரவை இயந்திரம் இருந்தது. வே0325 தொகுப்பிலிருந்து எள், முந்திரி, பாதாம், வேர்க்கடலை நான்கும் ஒரே இயந்திரத்தில் அரைக்கப்படுகின்றன. ஒவ்வோர் அரவைக்குப் பிறகும் கழுவுகிறோம்; ஆனாலும் துகள் அறவே இல்லை என்று உறுதி தர முடியாது. எள் ஒவ்வாதவர்கள் இதை இனி வாங்க வேண்டாம். பழைய பாட்டில் ஒத்துக்கொண்டது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பெயரில் வெண்ணெய் இருந்தாலும் இதில் பால் சேர்க்கவில்லை. எங்கள் தயாரிப்புக் கூடத்திலும் பால்பொருள்களைப் பயன்படுத்துவதில்லை.

100 கிராமில் (சராசரியாக): ஆற்றல் 580 கிலோ கலோரி, புரதம் 21.6 கி, கொழுப்பு 44.6 கி (நிறைவுற்றது 6.3 கி), மாவுச்சத்து 26.8 கி (மொத்தச் சர்க்கரை 11.5 கி), சோடியம் 400 மி.கி. ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 16 கிராம்.

பயன்படுத்தும் காலம்
தொகுப்பு எண்: வே0325
தயாரித்த நாள்: 04.03.2025
இந்த நாளுக்கு முன் பயன்படுத்துவது நல்லது: 03.09.2025
இந்த விவரங்கள் மூடியின் மேல் அச்சிடப்பட்டுள்ளன. திறந்த பிறகு 2 மாதத்திற்குள் முடித்துவிடுங்கள். மூடியில் உள்ள நாள் அதற்கு முன்பே வந்தால், அந்த நாள்தான் கணக்கு.

வைக்கும் முறை
திறக்கும் வரை வெயில் படாத, உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அடுப்புக்கு அருகில் வேண்டாம். சூடும் வெளிச்சமும் பட்டால் கடலை எண்ணெய் சீக்கிரம் சிக்கு நாற்றம் அடிக்கும். திறந்த பின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். மேலே எண்ணெய் மிதப்பது கெட்டதன் அறிகுறி அல்ல. அடி வரை கிளறிக்கொள்ளுங்கள். ஈரமில்லாத கரண்டியையே பயன்படுத்துங்கள்.

பூஞ்சை தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியை உண்ணக் கூடாது. வேர்க்கடலையில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்லடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. பாட்டில் முழுவதையும் அப்புறப்படுத்துங்கள்.

சிறு குழந்தைகளுக்குக் கரண்டியில் அப்படியே ஊட்டாதீர்கள். கெட்டியான விழுது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண் ஆகியவற்றைப் பின்புற லேபிளின் படத்தில் காணலாம்.