கிறிஸ்துமஸ் கேக் முன்பதிவு 2025 – நரிமேடு மெயின் ரோடு, மதுரை

பிரெட் கவருக்குள் இந்தத் தாளைப் பார்த்ததும் "அதுக்குள்ள கிறிஸ்துமஸா?" என்று தோன்றினால், ஆமாம், எங்களுக்கு அது எப்போதோ தொடங்கிவிட்டது. உலர் திராட்சை, கருப்பு திராட்சை, பேரீச்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் நவம்பர் முதல் வாரத்திலிருந்தே கண்ணாடி ஜாடிகளில் ஊறுகின்றன. ரம் கிடையாது, ஒயினும் கிடையாது. கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சையைப் பிழிந்து காய்ச்சிய சாறுதான். குழந்தைக்குக் கொடுக்கலாமா, பாட்டிக்குக் கொடுக்கலாமா என்று வருடா வருடம் கேட்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

நவம்பர் 24, திங்கள் முதல் முன்பதிவு. கடைசி நாள் டிசம்பர் 17, புதன் இரவு 9 மணி. முட்டை இல்லாத கேக்குக்கு மட்டும் டிசம்பர் 14, ஞாயிறோடு முடிகிறது. ஏன் என்று கீழே சொல்கிறோம்.

என்னென்ன, எவ்வளவு

பிளம் கேக்: அரை கிலோ 380 ரூபாய், 1 கிலோ 740 ரூபாய்
முந்திரி, பாதாம் கூடுதலாகப் போட்ட பிளம் கேக்: 1 கிலோ மட்டும், 960 ரூபாய்
முட்டை இல்லாத பிளம் கேக்: அரை கிலோ 400 ரூபாய், 1 கிலோ 780 ரூபாய்
வெள்ளை க்ரீம் கேக், மேலே நட்சத்திரம் வைத்தது: 1 கிலோ 650 ரூபாய், முட்டை இல்லாமல் 700 ரூபாய்

ஜி.எஸ்.டி. இந்த விலைக்குள்ளேயே அடக்கம். போன வருடம் கேக்குக்கு 18 சதவீதம் இருந்த வரி, இந்த செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. முந்திரியும் வெண்ணெயும் ஏறின ஏற்றத்துக்கு அதுதான் கைகொடுத்தது. அதனால் சாதா பிளம் கேக் போன வருட விலையிலேயே நிற்கிறது.

முட்டையை எடுத்துவிட்டால் விலை குறைய வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: முட்டை வேலையைச் செய்ய வேறு ஆள் வேண்டும். மாவைப் பிடித்து நிறுத்துவது, உப்ப வைப்பது, ஈரம் கொடுப்பது மூன்றையும் முட்டை ஒன்றே பார்த்துக்கொள்ளும். அது இல்லாதபோது கெட்டித் தயிர், சோடா, கண்டென்ஸ்டு மில்க், கொஞ்சம் கூடுதல் வெண்ணெய் எல்லாம் சேர வேண்டியிருக்கிறது. கண்டென்ஸ்டு மில்க் டின் விலை உங்களுக்கே தெரியும்.

பிளம் கேக்கை 24-ம் தேதிதான் வாங்க வேண்டும் என்று இல்லை

இதைச் சொல்லத்தான் இந்தத் தாளையே அடித்தோம். பன், பஃப்ஸ் என்றால் சுடச்சுட வேண்டும், சரி. பிளம் கேக் அந்த ஜாதி இல்லை. அடுப்பிலிருந்து எடுத்த அன்று வெட்டினால் உதிரும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் ஒவ்வொன்றும் தனித்தனியாக நாக்கில் தட்டும். மூன்று நான்கு நாள் மூடி வைத்தால் பழத்தில் ஊறிய சாறு மாவுக்குள் இறங்கி, மசாலா வாசம் ஒன்றோடொன்று கலந்து, கத்தி வைத்தால் அழகாகத் துண்டு விழும். எங்கள் வீட்டுக்கு எடுத்து வைக்கிற கேக்கும் 18-ம் தேதி போட்டதுதான்.

ஆனாலும் போன வருடம் 24-ம் தேதி மாலை பாதி மதுரை எங்கள் வாசலில் நின்றது. கோரிப்பாளையத்திலிருந்தே நெரிசல், வரிசையில் நின்றவர்களில் சிலர் ஆராதனைக்குப் பிந்திப் போனார்கள். தப்பு எங்கள் மேல்தான். எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னது நாங்கள். இந்த முறை பணம் கட்டும்போதே கேக்கோடு சேர்த்து நேரத்தையும் எழுதிவிடுகிறோம்.

டிசம்பர் 20, சனி: மாலை 4–6, 6–8
டிசம்பர் 21, ஞாயிறு: காலை 10.30–1, மாலை 5–8
டிசம்பர் 23, செவ்வாய்: காலை 11–1, மாலை 4–6, 6–8
டிசம்பர் 24, புதன்: காலை 7–9, 9–11, மதியம் 2–4, மாலை 4–6
டிசம்பர் 25, வியாழன்: காலை 6–8

ஒரு நேரத்துக்கு 60 பெட்டி. அது நிரம்பியதும் அடுத்த நேரத்தைத்தான் எழுதுவோம். 24 மாலை 4–6-க்கு 40 பெட்டி மட்டும். அது முதல் வாரத்திலேயே போய்விடும் என்று நினைக்கிறோம். 25 காலை என்பது அதிகாலை ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எடுத்துக்கொள்பவர்களுக்காக. அன்று 30 பெட்டி, பிளம் கேக் மட்டும். 8 மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவோம், எங்களுக்கும் கிறிஸ்துமஸ் உண்டு.

20, 21 தேதிகளில் எடுத்துக்கொண்டால் கிலோவுக்கு 30 ரூபாய் குறைத்துக்கொள்கிறோம். க்ரீம் கேக் மட்டும் இதற்கெல்லாம் விதிவிலக்கு. அது தாங்காது, 24-ம் தேதி மட்டும்தான் தருவோம்.

22, திங்கட்கிழமை கேக் கிடையாது. பிரெட், பன் மட்டும் கிடைக்கும். காரணம் இதோ.

முட்டை இல்லாத கேக்

இது ஏதோ நாலு பேர் கேட்கிற சமாச்சாரம் என்று முதலில் நினைத்தோம். டிசம்பர் என்றால் மார்கழி பிறந்துவிடுகிறது, அசைவம் விட்டவர்கள் இருக்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வீட்டில் முட்டை வாசமே கூடாது. பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் தட்டு அந்த வீட்டுக்கும் போக வேண்டும் அல்லவா? எங்கள் முட்டை இல்லாத கேக்கில் பெரும்பாலும் அப்படிக் கொடுப்பதற்காக வாங்குவதுதான். அலுவலகத்துக்கு வாங்குபவர்கள் இப்போதெல்லாம் மொத்தமும் முட்டை இல்லாமலே கேட்கிறார்கள், யாரையும் தனியாக விசாரிக்க வேண்டாம் என்று.

போன வருட நெரிசலில் ஒரு தவறு நடந்தது. மாலை போட்டிருந்த ஒருவருக்குப் பெட்டி மாறிப்போனது. வீட்டில் வெட்டுவதற்கு முன் அவரே சந்தேகப்பட்டு போன் செய்ததால் தப்பித்தோம். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தத் திங்கட்கிழமை. 21-ம் தேதி இரவு இரண்டு அடுப்பையும், மாவு அடிக்கும் பாத்திரங்களையும், மேஜையையும் கழுவித் துடைத்துவிட்டு, 22 முழுக்க முட்டை இல்லாத கேக் மட்டும் போடுகிறோம். இதற்கென்று வாங்கிய டின்கள் தனி. ஒரு நாளில் எங்களால் 120 கிலோதான் முடியும். அதனால்தான் இதற்கு 14-ம் தேதியோடு நிறுத்துகிறோம்.

எடுத்துக்கொள்வது 23, 24 தேதிகளில். பெட்டியில் பச்சை ரிப்பன், மேலே பச்சைப் புள்ளி. முட்டை சேர்ந்த கேக்குக்குச் சிவப்பு ரிப்பன். கொடுக்கும்போது மூடியைத் திறந்து உங்கள் முன்னாலேயே காட்டுவோம். அவசரம் என்றாலும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேக் மேல் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் ராயல் ஐசிங்கில் முட்டையின் வெள்ளைக் கரு உண்டு. பலருக்கு இது தெரியாது. அதனால் பச்சை ரிப்பன் கேக்கில் அந்த ஐசிங் வராது. பெயர் எழுதச் சொன்னால் சாக்லேட்டில் எழுதித் தருவோம்.

முட்டை அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் இதை நம்பி வாங்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் வருடம் முழுவதும் முட்டை புழங்குகிற சமையலறை இது. விரதத்துக்கு நாங்கள் பொறுப்பு, அலர்ஜிக்கு உறுதி தர முடியாது. எல்லாக் கேக்கிலும் கோதுமை மாவும் பாலும் உண்டு. முந்திரி போடாமல் வேண்டும் என்றால் எழுதும்போது சொல்லுங்கள், செய்து தருகிறோம். ஆனால் அதே மேஜையில்தான் மற்ற கேக்குக்கு முந்திரி நறுக்குகிறோம்.

ருசி? உண்மையைச் சொன்னால் முட்டை போட்டதைவிடக் கொஞ்சம் நெருக்கமாக, ஈரமாக இருக்கும். பழம் அதே பழம், கருக்கிய சர்க்கரைப் பாகும் அதே பாகு. எங்கள் மாஸ்டருக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது என்கிறார். அவர் சொல்வதை எங்கள் கடையிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

எப்படி எழுதுவது

கடைக்கு வந்து கவுன்ட்டரில் எழுதலாம். இல்லையென்றால் பிரெட் கவரில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "பிளம் 1 கிலோ 2, முட்டை இல்லாதது அரை கிலோ 1, 23 செவ்வாய் மாலை 4–6". கீழே உங்கள் பெயர். போனில் சொல்வதானால் மதியம் 2 முதல் 4 வரை கூப்பிடுங்கள். காலையில் எடுத்தால் அவசரத்தில் தப்பாக எழுதிவிடுவோம்.

பாதிப் பணம் முன்பணம். ரொக்கம், ஜிபே இரண்டும் சரி. பணம் வந்ததும் ஒரு டோக்கன் எண் தருவோம். அந்த எண்ணைச் சொன்னால் போதும், நீங்களே வர வேண்டியதில்லை. தம்பியை அனுப்பலாம், ஆட்டோக்காரரையும் அனுப்பலாம். டிசம்பர் 17 வரை வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு தேதி, நேரத்தை மாற்றலாம், இடம் இருந்தால்.

நேரத்துக்கு வர முடியாமல் போனால் பதறாதீர்கள். பெட்டியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். அன்று கடை மூடும் வரை வைத்திருப்போம். ஆனால் சொன்ன நேரத்தில் வந்தவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் உங்களுக்கு. 24-ம் தேதி கடை மூடுவது இரவு 7 மணிக்கு.

கேரல் ரவுண்ட்ஸ், சபை விருந்து, அலுவலகம் என்று 10 கிலோவுக்கு மேல் எடுத்தால் 20 முதல் 23-க்குள் மாநகராட்சி எல்லைக்குள் நாங்களே கொண்டுவந்து தருகிறோம். முட்டை இல்லாதது என்றால் 23 மட்டும். துண்டு போட்டுத் தனித்தனியாகப் பொட்டலம் கட்ட வேண்டும் என்றால் கிலோவுக்கு 40 ரூபாய் கூட. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து வருபவர்களுக்குக் காலை 11–1 வசதியாக இருக்கும். பஸ்ஸில் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், பெட்டியைச் சணலில் கட்டித் தருகிறோம்.

பைக்கைக் கடை முன்னால் நிறுத்தலாம். காரைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு வாருங்கள். கடை முன்னால் நிறுத்தினால் பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடித்தே உங்களைக் கிளப்பிவிடுவார்.

வீட்டுக்குப் போன பிறகு

பிளம் கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வறண்டுவிடும். பட்டர் பேப்பரோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியே வைத்தால் 15 நாள் நன்றாக இருக்கும். முட்டை இல்லாதது தயிரும் பாலும் சேர்ந்தது. 5 நாளுக்குள் முடித்துவிடுங்கள், மிஞ்சினால் அதை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். க்ரீம் கேக் நேராக ஃப்ரிட்ஜுக்குத்தான் போக வேண்டும். வண்டியில் கொண்டுபோகும்போது டிக்கியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை தினமும் காலை 6.30 முதல் இரவு 9 வரை. நரிமேடு மெயின் ரோட்டில், சி.எஸ்.ஐ. கதீட்ரலிலிருந்து நடந்தே வந்துவிடலாம். வாசலில் காகித நட்சத்திரம் டிசம்பர் 1-ம் தேதியே தொங்கும்.