ஜெல்லில பாண்ட் இழுபட்டது பற்றியும் பிரக்டிகலைத் திருப்பிச் செய்ய அனுமதி கேட்டும்

சேர்,

வணக்கம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கட குறூப் ஓடவிட்ட லாம்டா ஜெல் பற்றித்தான் எழுதுறன். ஃபோட்டோ உங்களுக்கு வந்திருக்கும், பாத்திட்டு "என்ன பிள்ளையள் இது" எண்டு ஒரு வரி போட்டிருந்தீங்கள், அதுக்கு ஃபோனில நிண்டு ரெண்டு சொல்லில பதில் சொல்ல ஏலாது, அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன். கொஞ்சம் நீளும், குறை நினைக்காதேங்கோ.

கேக்க வந்ததை முதலே கேட்டுப்போடுறன். இந்த பிரக்டிகலை நாங்கள் திருப்பிச் செய்ய விடுங்கோ சேர். டெமோ அக்கா நல்ல மனசோட, யன்னல் பக்க மேசைக்காரற்ற ஃபோட்டோவை வைச்சு ரிப்போட்டை எழுதித் தாங்கோ எண்டு சொன்னவா. அது லேசுதான், ஆனா அவையளின்ர ஜெல்லில எல்லாம் வடிவா வந்திருக்கு, அதை வைச்சு டிஸ்கஷன் எழுதினா எங்கட ரியூப்புக்குள்ள என்ன நடந்தது எண்டு கடைசி வரைக்கும் தெரியாது. எங்கட படம் அசிங்கமா இருந்தாலும் அதுக்குள்ள ஒரு விசயம் கிடக்கு, அதைத்தான் சொல்ல வாறன்.

நாங்கள் போட்டது இதுதான். 0.8 சதவீத அகரோஸ், 1எக்ஸ் டிஏஇ பஃபர். முதலாவது லேனில லாடர். ரெண்டாவதில வெட்டாத லாம்டா, தண்ணி மட்டும் சேத்து ஐஸிலயே வைச்சிருந்தது. மூண்டாவதில லாம்டாவோட தண்ணியும் ரெஸ்றிக்சன் பஃபரும், என்சைம் இல்லை, ஆனா மற்றதுகளோட சேத்து 37 பாகையில ஒரு மணித்தியாலம் வைச்சது. நாலாவது ஈகோ ஆர் ஒன், அஞ்சாவது ஹிண்ட் த்ரீ. ஒவ்வொரு ரியூப்பிலயும் 20 மைக்ரோலீற்றர், அதில ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏ, பாதியை, அதாவது 500 நனோகிராமை, ஜெல்லில லோட் பண்ணினம்.

வந்தது என்னண்டால், லாடர் பரவாயில்லை, ரெண்டாவது லேன் மேல ஒரே ஒரு தடிச்ச பாண்ட், சுத்தம். மூண்டு, நாலு, அஞ்சு மூண்டும் மேல இருந்து கீழ வரைக்கும் மழைக்கு நனைஞ்ச மை மாதிரி இழுபட்டுக் கிடக்கு.

முதல் பாத்த உடன எல்லாரும் சொன்னது வோல்ற் கூட வைச்சிட்டீங்கள், இல்லாட்டி டிஎன்ஏ கூடப் போட்டிட்டீங்கள் எண்டுதான். நானும் அப்பிடித்தான் நினைச்சனான், ஆனா ரெண்டும் பொருந்தேல்லை. ரெண்டு மின்வாய்க்கும் இடையில 14 சென்ரிமீற்றர், நாங்கள் வைச்சது 70 வோல்ற், சென்ரிமீற்றருக்கு 5 வோல்ற் வருது, அது லாப் மனுவலில இருக்கிற அளவுதான். ஜெல் சூடாகி இழுபட்டதெண்டால் லாடரும் சேந்து இழுபட்டிருக்கோணும். டிஎன்ஏ கூட எண்டால் ரெண்டாவது லேனிலயும் அதே 500 நனோகிராம்தானே போனது, அது ஏன் சுத்தமா நிக்குது? உப்புக் கூட எண்டும் ஒரு ஆள் சொன்னது, ஆனா அதே ரெஸ்றிக்சன் பஃபர்தான் யன்னல் பக்க மேசைக்கும் போனது, அவையளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஸ்டார் அக்டிவிற்றி எண்டால் வரக்கூடாத இடத்தில பாண்ட் வருமே தவிர இப்பிடிக் கரைஞ்சு போகாது, அதோட மூண்டாவது லேனில என்சைமே இல்லை.

அந்த மூண்டாவது லேன்தான் சேர் முக்கியம். என்சைம் போடாத ரியூப்பே இழுபட்டிருக்கெண்டால் வெட்டினது ஈகோவும் இல்லை ஹிண்டும் இல்லை, வேற ஏதோ ஒரு நியூக்ளியேஸ் உள்ளுக்க வந்திருக்கு. ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் வித்தியாசம் பஃபரும் 37 பாகையும்தான், தண்ணி ரெண்டுக்கும் ஒண்டு. கன டிஎன்ஏஸுகளுக்கு வேலை செய்ய மக்னீசியம் வேணும், அது ரெஸ்றிக்சன் பஃபரில தாராளமா இருக்கு. ஐஸில மக்னீசியம் இல்லாமல் கிடந்த ரெண்டாவது ரியூப்பில அந்த நியூக்ளியேஸ் இருந்திருந்தாலும் சும்மாதான் கிடந்திருக்கும், லோடிங் டை போட்ட உடன அதில இருக்கிற ஈடிடிஏ மிச்சச் சொச்ச மக்னீசியத்தையும் பிடிச்சு வைச்சிருக்கும். ஆனபடியால் ரெண்டாவது லேன் சுத்தமா வந்ததை வைச்சு தண்ணி நல்லது எண்டு சொல்ல ஏலாது. இது எனக்கு ராத்திரி பஸ்ஸில சாவகச்சேரி போகேக்கதான் ஓடினது, லாப்பில நிக்கேக்க ஓடியிருந்தால் அப்பவே இன்னொரு ரியூப் வைச்சிருப்பம்.

இன்னொரு விசயம், ஃபோட்டோவைப் பெருப்பிச்சு வடிவாப் பாருங்கோ. ஹிண்ட் த்ரீ லேனில அந்த இழுவைக்குள்ள கீழ ரெண்டு மெல்லிய பாண்ட் பக்கத்தில பக்கத்தில தெரியும், 2322 உம் 2027 உம்தான் அது. ஆனா மேல 23130 உம் 9416 உம் இருக்கவேண்டிய இடத்தில ஒண்டும் இல்லை. ஈகோ லேனிலயும் கடைசித் துண்டு 3530 மட்டும் கொஞ்சம் தெரியுது, 21226 காணேல்லை. கண்ட கண்ட இடத்தில வெட்டுற நியூக்ளியேஸ் எண்டால் பெரிய துண்டில வெட்டு விழுற வாய்ப்புக் கூட, 23130 எண்டது 2322 ஐ விடப் பத்து மடங்கு நீளம், அது முதல் சிதறும், சின்னன் தப்பும். அதோட சின்னத் துண்டுகள் சரியான இடத்தில வந்திருக்கிறபடியால் ஹிண்ட் த்ரீ தன்ர வேலையை ஒழுங்காத்தான் செய்திருக்கு, ரியூப்பில என்சைமும் அளவும் சரி. எனக்கு இது பாக்க சந்தோசமா இருந்தது, மாக்ஸ் போனாலும் பரவாயில்லை எண்ட மாதிரி. (மாக்ஸ் போகாமல் இருந்தா இன்னும் நல்லம்.)

கரண்ட் போன கதையையும் சொல்லோணும், ஏனெண்டால் அதை வைச்சுத்தான் கன பேர் எங்களுக்கு ஆறுதல் சொன்னவை. ஜெல் பாதி ஓடேக்க கரண்ட் போட்டுது, ஜெனரேற்றர் போட்டு வர அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது, அந்த நேரம் ஜெல் டாங்குக்குள்ளயே கிடந்தது. அப்பிடிக் கிடந்தால் டிஎன்ஏ பரவி பாண்ட் மங்கும், சின்னத் துண்டுகள்தான் கூடப் பரவும். லாடரில கீழ் பாண்டுகள் கொஞ்சம் கலங்கின மாதிரி இருக்கிறது அதாலதான், ஹிண்ட் லேனில 564 எங்களுக்குத் தெரியாமல் போனதுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம், 125 எப்பிடியும் 0.8 ஜெல்லில கண்ணுக்குப் பிடிபடாது. ஆனா கரண்ட் போனது எல்லா லேனுக்கும் பொது. மூண்டு லேனை மட்டும் தெரிஞ்செடுத்துக் கெடுக்காது. அதால கரண்ட் மேல பழியைப் போட்டிட்டு இருக்க எனக்கு விருப்பமில்லை.

அப்ப நியூக்ளியேஸ் எங்கால வந்தது? ஒண்டு தண்ணி, மற்றது பஃபர். தண்ணி ரெண்டு மேசைக்கு ஒரு ரியூப் எண்டு தந்தது, எங்களோட பங்கு போட்ட மேசையின்ர ஹிண்ட் லேனும் இழுபட்டிருக்கு, அவையள் என்சைம் இல்லாத கண்ட்ரோல் போடாதபடியால் அதுக்கு மேல ஒண்டும் சொல்ல ஏலாது. மற்ற ரெண்டு மேசைக்கும் வேற ரியூப், அவையளுக்கு நல்லா வந்தது. ஆனபடியால் என்ர சந்தேகம் தண்ணியிலதான் கூட. ஓட்டோக்ளேவ் பண்ணின தண்ணிதான், ஆனா திறந்த பிறகு எத்தினை கை, எத்தினை பிப்பெட் போய் வந்திருக்கும், ஆரெண்டு சொல்லுறது, நான் ஒருத்தரையும் குறை சொல்லவும் வரேல்லை. 10எக்ஸ் பஃபர் எல்லாருக்கும் ஒரே ரியூப், ஆனா எங்கட மேசைக்கும் பக்கத்து மேசைக்கும்தான் கடைசியா வந்தது, அதையும் தள்ளிவைக்க ஏலாது. ரெண்டு ரியூப்பிலயும் மிஞ்சினதை டெமோ அக்காட்டக் கேட்டு மேசை நம்பர் எழுதி மைனஸ் 20 இல வைச்சிருக்கிறம், தயவுசெய்து ஒருத்தரையும் எறியவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

திருப்பிச் செய்ய விட்டால் இப்பிடித்தான் செய்ய யோசிச்சிருக்கிறம். என்சைம் இல்லாமல் மூண்டு ரியூப், ஒண்டில பழைய தண்ணி புதுப் பஃபர், ஒண்டில புதுத் தண்ணி பழைய பஃபர், ஒண்டில ரெண்டும் புதுசு, மூண்டும் 37 இல ஒரு மணித்தியாலம். அதோட ஈகோ ஒண்டு, ஹிண்ட் ஒண்டு, ரெண்டும் புதுத் தண்ணி புதுப் பஃபரில. ஐஸில வெட்டாத லாம்டா ஒண்டு. லாடரோட சேத்து ஏழு வெல், எட்டுப் பல்லுச் சீப்புக் காணும். லோட் பண்ண முதல் 65 பாகையில கொஞ்ச நேரம் வைச்சு உடன ஐஸில போடவும் நினைக்கிறம், லாம்டாவின்ர ரெண்டு நுனியும் ஒட்டுற தன்மை எண்டபடியால் 23130 உம் 4361 உம் சேந்து நிண்டிடும், போன தரம் அதைச் செய்யச் சொல்லேல்லை.

சாமான் செலவு பற்றி யோசிப்பீங்கள், லாம்டாவும் என்சைமும் என்ன விலை எண்டு நீங்கள் முதல் கிளாசிலயே சொன்னனீங்கள், மறக்கேல்லை. அதால ரியூப்புக்கு 20 இல்லாமல் 10 மைக்ரோலீற்றரிலயே செய்யிறம். ஆறு ரியூப்புக்கும் சேத்து லாம்டா 3 மைக்ரோகிராம், உங்கட ஸ்டொக்கில 6 மைக்ரோலீற்றர். என்சைம் ஒவ்வொண்டிலயும் அரை மைக்ரோலீற்றர், அகரோஸ் 50 மில்லிலீற்றர் ஜெல்லுக்கு 0.4 கிராம். 10 இல முழுக்க லோட் பண்ணினா அதே 500 நனோகிராம்தான் வரும், பழைய ஃபோட்டோவோட ஒப்பிடவும் ஏலும். பக்கத்து மேசைக்காரரும் வர ரெடி, அவையளுக்குத் தனியா ரியூப் தேவையில்லை, இதே ஜெல்லை ரெண்டு குறூப்பும் பாவிக்கலாம்.

மூண்டு கண்ட்ரோலும் சுத்தமா வந்திட்டுதெண்டால் என்ர கதை முழுக்கப் பிழை, அதையும் ரிப்போட்டில அப்பிடியே எழுதுவம். பழைய தண்ணி மட்டும் இழுபட்டால் மிச்ச பாச்சுகளுக்குக் குடுக்க முதல் அந்தத் தண்ணியை நிப்பாட்டலாம், அடுத்த கிழமை ரெண்டாம் வருசத்துக்கும் இதே பிரக்டிகல் இருக்கெண்டு கேள்விப்பட்டன், அதாலதான் கொஞ்சம் அவசரப்படுறன்.

நாள் எண்டு பாத்தால் நல்லூர்த் தேருக்கு முதல் முடிச்சால் நல்லம் சேர், தேர் தீர்த்தம் எண்டு வந்திட்டால் ரவுணுக்குள்ள றோட்டெல்லாம் மறிச்சிடுவினம், தென்மராட்சிப் பக்கம் இருந்து வாற எங்களுக்கு பஸ் எடுக்கிறதே பெரிய பாடு. வாற சனிக்கிழமை காலமை எட்டரைக்கு லாப் திறக்க ஏலுமெண்டால் மத்தியானத்துக்கு முதல் இன்குபேஷன் முடிச்சு ஜெல் ஓடவிட்டிடலாம், அன்டைக்கு வேற பாச்சும் இல்லை. டெமோ அக்கா வர ஏலும் எண்டவா, நீங்கள் ஓம் எண்டால்தான் வருவா. சனி சரிவராட்டி புதன் பின்னேரம் லெக்சருக்குப் பிறகும் நிப்பம், ஆனா அப்ப ஃபோட்டோ எடுக்க இருட்டிப்போகும், வோச்சர் அண்ணையிட்ட நீங்கள் ஒருக்காச் சொல்லிவிடோணும்.

ரிப்போட் குடுக்கிற திகதி வெள்ளிக்கிழமை எண்டு போட்டிருக்கிறீங்கள். அதை எங்கட குறூப்புக்கு மட்டும் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளித் தர ஏலுமோ? ஏலாதெண்டால் இப்ப இருக்கிற படத்தோடயே வெள்ளி குடுக்கிறம், திருப்பிச் செய்யிறதைப் பின்னிணைப்பா பிறகு தாறம், மாக்ஸ் அதுக்குத் தராட்டிலும் சரி.

சனியோ புதனோ எண்டதை மட்டும் வியாழன் பின்னேரத்துக்கு முதல் சொல்லுங்கோ சேர், வெள்ளிக்கே ஜெல்லை ஊத்தி பஃபரில போட்டு ஃபிறிஜ்ஜில வைக்கோணும்.

இப்படிக்கு,
தர்சிகா
மூண்டாம் வருசம், நாலாம் மேசை குறூப்