கல்லடி தண்ணி மோட்டர் கடை: சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நேரம் (2026)

எல்லாருக்கும் முற்கூட்டியே புத்தாண்டு வாழ்த்து. வாழ்த்தை இப்போதே சொல்லிவிட்டோம், இனிக் கீழே இருப்பது முழுக்க நேரமும் மோட்டரும்தான்.

ஏப்ரல் 13 திங்கள் முதல் 16 வியாழன் வரை கடை பூட்டு.

11 சனி காலை 8 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும். 12 ஞாயிறு காலை 8 முதல் பகல் 1 வரை, ஆனால் திருத்தி முடித்த மோட்டர்களைக் கொடுப்பதற்கு மட்டும். துண்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, வாங்கோ. உங்கள் மோட்டரை உங்களை விட எங்களுக்கு நல்லாத் தெரியும். 17 வெள்ளி காலை பூசை செய்து திறந்து 12 மணிக்குப் பூட்டுவோம். அன்று வேலை எடுப்பதில்லை. மோட்டரைத் தூக்கிக்கொண்டு வராமல் சும்மா வந்தால் முறுக்கும் பயத்தம் உருண்டையும் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கைவிசேடமும் உண்டு. 18 சனி காலை 9 முதல் பகல் 1 வரை. 19 ஞாயிறு பூட்டு. 20 திங்கள் தொடக்கம் வழமைபோல காலை 8.30 முதல் இரவு 7 வரை.

"ரெண்டு நாள் வருஷத்துக்கு ஏன் இவ்வளவு லீவு?" என்று கேட்பீர்கள். கொழும்பில் மொத்தக் கடைகள் பூட்டினால் பெயரிங்கும் கொயில் கம்பியும் வராது. சாமான் இல்லாமல் கடையைத் திறந்து வைத்து உங்கள் மோட்டரைப் பார்த்துக்கொண்டு இருப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. கொயில் கட்ட வேண்டிய மோட்டர் 11 ஆம் தேதிக்குப் பிறகு வந்தால் 20க்குப் பிறகுதான் கை வைப்போம்.

அவசரத்துக்கு: 073 555 0148 (வாட்ஸ்அப்பும் இதே இலக்கம்), காலை 7 முதல் இரவு 9 வரை.

இந்த நாட்களில் போனை எடுப்பது எங்கள் காத்தான்குடித் தம்பி. அவருடைய நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நான் கடையில் நிற்பேன், எங்கட வருஷத்துக்கு அவர் நிற்பார். பல வருஷமாக இதுதான் ஏற்பாடு. வெள்ளி மதியம் ஜும்மா நேரத்தில் போன் எடுபடாது, மறுகா அவரே திருப்பி எடுப்பார். கல்லடியில் இருந்து ஆரையம்பதி வரை வந்து பார்க்க 1,500 ரூபா, சாமான் வேறு. செத்தவீடு என்றால் எந்த நேரமும் எடுங்கோ, வந்து பார்ப்பதற்குக் காசு இல்லை.

அவசரம் என்பது வீட்டில் சொட்டுத் தண்ணி இல்லை, அல்லது மோட்டரைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்பது. மோட்டர் கொஞ்சம் சத்தம் போடுகிறது என்பது அவசரம் இல்லை. அது போன தையில் இருந்து சத்தம் போடுவது உங்களுக்கும் தெரியும்.

போன் எடுக்க முதல் இதையும் பாருங்கோ. ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறதா? ஒரு தடவை தூக்கிப் பாருங்கோ, திரும்ப விழுந்தால் விட்டுவிடுங்கோ. மோட்டர் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். அநேகமாகக் கெப்பாசிட்டர் போயிருக்கும், அது சின்னச் செலவு. "இப்ப சுத்தும், இப்ப சுத்தும்" என்று போட்டுக்கொண்டே இருந்தால் கொயில் எரியும், அது பெரிய செலவு. சுற்றுகிறது, தண்ணி வரவில்லை என்றால் கிணற்றை எட்டிப் பாருங்கோ. சித்திரை வெயிலுக்குத் தண்ணி இறங்கி, புட் வால்வு மேலே நிற்கலாம். போன வருஷத்துக்கு ஒரு வீட்டில் சொந்தக்காரர் பதினாறு பேர், விடிய விடியக் குளிப்பு. கிணறு வற்றியது தெரியாமல் மோட்டர் வெறுமனே ஓடி சீலும் போய் கொயிலும் போய்விட்டது. அந்த வீட்டார் இதை வாசிப்பார்கள், பெயர் சொல்ல மாட்டோம்.

போனில் "நீல மோட்டர்" என்று சொன்னால் விளங்காது. மோட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கோ. ஓடும் சத்தத்தையும் சேர்த்து அனுப்பினால் என்ன சாமான் கொண்டு வருவது என்று தம்பிக்குப் பாதி விளங்கிவிடும்.

யாருக்காவது கரண்ட் அடித்தால் எங்களுக்கு எடுக்க வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்துங்கோ, நிறுத்தும்வரை ஆளைத் தொடாதீங்கோ, 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கோ. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை என்றால் மின்சார சபை 1987, பைப் தண்ணி வரவில்லை என்றால் நீர் வழங்கல் சபை 1939.

12 ஆம் தேதி பகல் 1 மணிக்குள் மோட்டரை எடுக்காதவர்கள் 17 வரை வாளியும் கயிறும் தயாராக வைத்திருங்கோ.